ஈரக் கைக்கு ஒரு அட்டை

எங்கள் அச்சகத்துக்கு எதிரே டீக்கடை வைத்திருக்கும் அண்ணன், "சீல் குத்துற அட்டை ஒண்ணு போட்டுக் குடு தம்பி, 8 டீ குடிச்சா ஒண்ணு ஃப்ரீ" என்றார். விசிட்டிங் கார்டு அடிக்கிற அதே அளவில், 90க்கு 55 மில்லிமீட்டரில், முன்பக்கம் கடைப் பெயர், போன் நம்பர், முகவரி, ஒரு டீ கிளாஸ் படம் எல்லாம் வைத்து, மிச்சமிருந்த இடத்தில் எட்டுக் கட்டங்களைத் திணித்தேன். பளபளவென்று லேமினேஷனும் போட்டுக் கொடுத்தேன்.

இரண்டே வாரத்தில் அண்ணன் ஒரு கொத்து அட்டையைக் கொண்டுவந்து மேஜையில் போட்டார். எல்லாவற்றிலும் நீல மை இழுவியிருந்தது. கட்டம் 9 மில்லிமீட்டர், அவர் வாங்கிய சீல் 12. ஒன்றின் மேல் ஒன்று ஏறி, எத்தனை டீ என்று எண்ணவே முடியவில்லை. ஏழா எட்டா என்று கல்லாவில் வாக்குவாதம் நடந்திருக்கிறது. எனக்கு ரொம்பச் சங்கடமாகிவிட்டது. திரும்பப் போட்டுத் தருகிறேன் என்று சொல்லிவிட்டு, ஒருநாள் காலை கல்லாவுக்குப் பக்கத்தில் போய் நின்றேன். டீ மாஸ்டர் கை ஈரம். வாங்குகிறவருக்கு பஸ் அவசரம். இந்த இரண்டுக்கும் நடுவில்தான் சீல் விழுகிறது. அதைப் பார்த்த பிறகுதான் வேலை பிடிபட்டது.

முதலில் அளவு. பர்ஸில் அட்டை சொருகும் அறையெல்லாம் ஏடிஎம் கார்டுக்காகத் தைத்தது. அது ஏறத்தாழ 85.6க்கு 54. விசிட்டிங் கார்டு அதில் முனை நீட்டிக்கொண்டு நிற்கும், மடங்கும். அதனால் 85க்கு 54 என்று வைத்துக்கொண்டேன்.

அடுத்து, கட்டங்களுக்கு ஒரு பக்கம் முழுவதையும் விட்டுக்கொடுத்தேன். ஓரத்தில் 5 மில்லிமீட்டர் விட்டால் அகலத்தில் 75 மிஞ்சும். ஐந்தாகப் பிரித்தால் ஒன்றுக்கு 15. இரண்டு வரிசைக்கு உயரம் 30 போக, மேலே ஒரு வரி எழுத இடமிருக்கிறது. ஒவ்வொரு 15க்குள்ளும் 13 மில்லிமீட்டர் வட்டம், சீல் 10 மில்லிமீட்டர். சீல் கொஞ்சம் விலகி விழுந்தாலும் பக்கத்து வட்டத்தைத் தொடாது. வட்டத்துக்குள் வெளிர் சாம்பலில் 1 முதல் 10 வரை எண் போட்டேன். எண்ணிப் பார்க்கவே வேண்டாம், கண்ணிலேயே தெரியும்.

சீலில் எழுத்து வேண்டாம் என்று சொன்னேன். அவசரத்தில் தலைகீழாகத்தான் விழும். ஆறு இதழ்ப் பூவில் ஒரு இதழை மட்டும் எடுத்துவிட்டுச் செய்யச் சொன்னோம். எப்படித் திரும்பி விழுந்தாலும் அது பூதான். ஸ்டேஷனரி கடையில் விற்கும் சீலை வாங்கி யாராவது வீட்டிலேயே குத்திவந்தால், இல்லாத இதழ் காட்டிக்கொடுத்துவிடும்.

லேமினேஷன் மேல் சீல் மை ஊறாது, அப்படியே மேலே நிற்கும். ஒரு பக்கம் மட்டும் போட்டால் அட்டை வளையும். பளபளப்புப் பூச்சுள்ள ஆர்ட் கார்டிலும் மை காயத் தாமதமாகும். பூச்சில்லாத 300 ஜிஎஸ்எம் அட்டைதான் சரி. முழுதாக அடிக்கும் முன் ஒரு துண்டில் சீல் குத்தி, பத்து எண்ணி, ஈர விரலால் தேய்த்துப் பாருங்கள். இழுவினால் அந்த அட்டை வேண்டாம். டீக்கறை இதில் ஏறத்தான் செய்யும். ஒரு மாதம் தாங்கினால் போதும்.

எட்டு டீக்குப் பத்து வட்டம் ஏன் என்று அண்ணன் கேட்டார். முதல் இரண்டில் நாமே சீல் குத்திக் கொடுத்துவிடலாம் என்றேன். அமெரிக்காவில் கார் கழுவும் கடை ஒன்றில் நுனஸ், ட்ரெஸ் என்ற இருவர் இதைச் சோதித்து 2006இல் வெளியிட்டிருக்கிறார்கள். வெறும் எட்டுக் கட்ட அட்டையை முடித்தவர்கள் 100க்கு 19 பேர். பத்துக் கட்டத்தில் இரண்டு குத்திக் கொடுத்ததை முடித்தவர்கள் 34 பேர். இரண்டிலும் வாங்க வேண்டியது எட்டுதான். அண்ணனுக்குச் செலவும் மாறவில்லை. 15 ரூபாய் டீயில் ஒன்பது கொடுத்து 120 ரூபாய் வாங்குகிறார், அதாவது டீக்கு 1 ரூபாய் 67 காசு குறைகிறது.

அதிக நேரம் எடுத்தது வாசகம். முதல் அட்டையில் "8 டீ குடித்தால் 1 இலவசம்" என்று இருந்தது. எட்டாவதே இலவசம் என்று சிலர் வாதாடினார்கள். பக்கத்து ஆபீஸ் பையன் பிளாஸ்க்கில் எட்டு டீ வாங்கி, ஒரே நாளில் அட்டையை நிரப்பினான். காபி கணக்கா என்று ஒருவர் கேட்டார். ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு சொல்லாகப் பதில் வைத்துப் பின்பக்கம் இப்படி அடித்தோம்:

"கடையில் குடிக்கும் ஒரு டீக்கு ஒரு சீல். பத்தும் நிறைந்தபின் வரும் டீ இலவசம். காபிக்கும் பார்சலுக்கும் சீல் இல்லை. இலவச டீ வாங்கும்போது அட்டையைக் கொடுத்துவிடவும்."

விலையை மட்டும் எங்கும் போடவில்லை. பால் விலை ஏறினால் டீ விலையும் ஏறும், அப்போது ஆயிரம் அட்டையும் வீண். 12க்கு 18 அங்குலத் தாளில் 25 அட்டை அடங்கும், ஆயிரத்துக்கு 40 தாள். ஆனாலும் முதல் தடவை 4 தாள், நூறு அட்டை மட்டும் அடித்தோம். அதிலிருந்து திரும்பி வந்த அட்டைகளை அண்ணன் கல்லாவுக்குப் பின்னால் ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு வைக்கிறார்.