சரித்திரத் தாள் 2: கை மெதுவா, யோசனை மெதுவா?



எங்கள் வட்டாரத்தில் சனிக்கிழமை தோறும் எஸ்.பி.எம். மாணவர்கள் ஒன்பது பேருக்குச் சரித்திரம் சொல்லித் தருகிறேன். நான் படிப்பது பொறியியல். அதனால் எதையும் அளந்து பார்க்கிற பழக்கம் கொஞ்சம் அதிகம். வகுப்புக்காக ஒரு வழிகாட்டி நூல் வைத்திருக்கிறோம். ஒவ்வொரு தலைப்புக்கும் அதில் முழு மாதிரி விடை உண்டு. பாடத்தைப் புரிந்துகொள்ள அது நன்றாகவே உதவியது. முதல் மாதிரித் தேர்வு வைத்தபோதுதான் வேறொன்று தெரிந்தது. ஆறு பேர் மூன்றாவது கட்டுரையை முடிக்கவில்லை. "தெரியும்ணே, எழுத டைம் பத்தல" என்றார்கள்.

இந்தப் பேச்சை அப்படியே விட்டுவிடக் கூடாது. டைம் ஏன் பத்தவில்லை என்று தெரிந்தால்தான் வழிகாட்டியில் எதை மாற்றுவது என்று தெரியும்.

முதலில் தாளின் கணக்கு. தாள் 2க்கு இரண்டரை மணி நேரம், அதாவது 150 நிமிடம். மொத்தம் 100 புள்ளி. ஒரு புள்ளிக்கு ஒன்றரை நிமிடம் வருகிறது. கட்டமைப்புக் கேள்விகளுக்கு 40 புள்ளி, ஆக 60 நிமிடம். மூன்று கட்டுரைகளுக்கு 60 புள்ளி, ஆக 90 நிமிடம். ஒரு கட்டுரைக்கு 30 நிமிடம். இதில் குறிப்புச் சட்டகம் போட 4 நிமிடமும் கடைசியாகப் படித்துப் பார்க்க 2 நிமிடமும் கழித்தால், பேனா ஓட வேண்டிய நேரம் 24 நிமிடம்தான்.

அடுத்து கையின் கணக்கு. இதற்கு இரண்டு அளவுகள் எடுத்தோம். மாதிரித் தேர்வில் ஒவ்வொரு கட்டுரையும் தொடங்கிய நேரத்தையும் முடித்த நேரத்தையும் ஓரத்தில் குறிக்கச் சொல்லியிருந்தேன். எழுதிய சொற்களை எண்ணி நிமிடத்தால் வகுத்தால் தேர்வு வேகம் கிடைக்கும். பிறகு தனியாக ஒரு நாள், பாடநூல் பக்கம் ஒன்றைப் பார்த்து ஐந்து நிமிடம் எழுத வைத்தோம். அது பார்த்தெழுதும் வேகம்.

ஒரு தம்பிக்குப் பார்த்தெழுதும் வேகம் நிமிடத்துக்கு 20 சொல். தேர்வில் அவன் எழுதியது 9 சொல். அவன் கை மெதுவே இல்லை. அடுத்து என்ன எழுதுவது என்று பேனாவைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்ற நேரம்தான் போயிருக்கிறது. இன்னொரு தங்கைக்கு இரண்டு அளவும் ஏறக்குறைய ஒன்றுதான்: 12, 11. அவளுக்குச் சிக்கல் கையில். முதல் வகைக்குச் சட்டகப் பயிற்சி மருந்து. இரண்டாம் வகைக்கு விடையின் நீளத்தைக் குறைப்பதுதான் மருந்து. இருவருக்கும் ஒரே அறிவுரை சொன்னால் ஒருவருக்குப் பலிக்காது.

வழிகாட்டியின் மாதிரி விடைகள் மலாயில் 450 சொல் அளவில் இருந்தன. நிமிடத்துக்கு 12 சொல் எழுதுகிறவருக்கு அதை எழுதவே 37 நிமிடத்துக்கு மேல் ஆகும். ஆனால் கையில் இருப்பது 24 நிமிடம். 24 பெருக்கல் 12, அதாவது 288 சொல். ஆக 280 என்று எல்லை வைத்தோம். 20 புள்ளிக் கட்டுரைக்குப் பத்து உண்மை, ஒவ்வொன்றுக்கும் ஒரு விளக்கம் என்று வைத்துக்கொண்டால், ஒரு சோடிக்கு 28 சொல்.

எப்படிச் சுருக்கினோம் என்பதற்கு ஓர் உதாரணம். மலாயன் யூனியனை மலாய்க்காரர்கள் ஏன் எதிர்த்தார்கள் என்பது கேள்வி. மலாயில் எழுத வேண்டியதை இங்கே தமிழில் தருகிறேன். பழைய விடையின் முதல் பத்தி இது:

"இரண்டாம் உலகப் போர் முடிந்த பின் மலாயாவுக்குத் திரும்பிய பிரிட்டிஷார் 1946 ஏப்ரல் 1ஆம் தேதி மலாயன் யூனியன் என்ற திட்டத்தை நடைமுறைப்படுத்தினர். இத்திட்டத்தை மலாய்க்காரர்கள் கடுமையாக எதிர்த்தனர். இதற்குப் பல காரணங்கள் உள்ளன. அவற்றுள் மிக முக்கியமானது மலாய் ஆட்சியாளர்களின் அதிகாரம் பறிக்கப்பட்டதாகும். காலங்காலமாக மாநிலத்தின் தலைவர்களாக விளங்கிய அவர்களிடம் சமயமும் மலாய் வழக்கமும் மட்டுமே விடப்பட்டன. மற்ற நிர்வாகமெல்லாம் பிரிட்டிஷ் கவர்னரிடம் சென்றது."

இதில் ஒவ்வொரு வாக்கியத்தையும் பார்த்து, "இது கேள்வி கேட்ட காரணமா, அந்தக் காரணத்தின் விளக்கமா?" என்று கேட்டோம். இரண்டும் இல்லை என்றால் கோடு. முதல் வாக்கியம் பின்னணி. இரண்டாவது கேள்வியையே திருப்பிச் சொல்கிறது. மூன்றாவதில் ஒன்றும் இல்லை. மிஞ்சியது இது:

"மலாய் ஆட்சியாளர்களின் அதிகாரம் பறிக்கப்பட்டது. நிர்வாகம் பிரிட்டிஷ் கவர்னரின் கீழ் வைக்கப்பட்டது. சமயத்திலும் மலாய் வழக்கத்திலும் மட்டுமே ஆட்சியாளர்களுக்கு அதிகாரம் இருந்தது."

மலாயில் இது 23 சொல். இரண்டு நிமிடத்தில் எழுதிவிடலாம். புள்ளி தரக்கூடிய செய்தி ஒன்றும் போகவில்லை.

இனி சட்டகம். இதே கேள்விக்கு ஒரு தங்கை போட்டது:

ஆட்சியாளர் அதிகாரம் – கவர்னர் – சமயம், வழக்கம் மட்டும்
குடியுரிமை – ஜுஸ் சோலி – பிறந்த இடமே போதும்
மெக்மைக்கேல் – கையெழுத்து – நெருக்கடி

ஒரு வரி ஒரு காரணம். முதல் சொல் உண்மை, பின்னால் வருவது விளக்கத்துக்கான கொக்கி. பயிற்சி இப்படி: வகுப்பில் மூன்று கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 4 நிமிடம், சட்டகம் மட்டும். முழு விடை எழுதக் கூடாது. பிறகு வழிகாட்டியோடு ஒப்பிட்டு, விட்டுப்போன வரியை வேறு நிற மையில் சேர்க்க வேண்டும். மூன்றில் ஒன்றை மட்டும் வீட்டில் 24 நிமிடத்தில் முழு விடையாக எழுதி வர வேண்டும். பன்னிரண்டே நிமிடத்தில் மூன்று தலைப்பு நினைவுக்கு வந்துவிடும். முழுசா எழுதினால் ஒன்றரை மணி நேரம் ஆகும்.

இரண்டு இடத்தில் இது சறுக்கும். சிலர் சட்டகத்தையே குட்டிக் கட்டுரையாக எழுதி 9 நிமிடம் எடுப்பார்கள். வரிக்கு ஐந்தாறு சொல்லுக்கு மேல் போனால் நிறுத்துங்கள். வேறு சிலர் "குடியுரிமை" என்று ஒரே சொல் எழுதிவிட்டு, விடை எழுதும்போது விளக்கம் வராமல் நிற்பார்கள். இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி: சட்டகத்தைப் பக்கத்தில் இருப்பவரிடம் கொடுங்கள். ஒவ்வொரு வரியையும் பார்த்து அவரால் இரண்டு வாக்கியம் சொல்ல முடிந்தால் சட்டகம் சரி. அவர் "இது என்ன?" என்று கேட்டால் கொக்கி பத்தவில்லை.

சுருக்கத்துக்கும் ஓர் எல்லை உண்டு. உண்மைகளை மட்டும் பட்டியலாக எழுதி விளக்கத்தை வெட்டினால் பாதிப் புள்ளி போய்விடும். உயர்நிலைச் சிந்தனைக் கேள்விக்கு இந்த வெட்டு பொருந்தாது. "நீங்கள் அந்தக் காலத்தில் இருந்திருந்தால் என்ன செய்வீர்கள்" என்று கேட்டால் காரணத்தைச் சொந்த வார்த்தையில்தான் விளக்க வேண்டும். வழிகாட்டியில் அந்தக் கேள்விகளுக்கு மாதிரி விடையைச் சுருக்கவில்லை, சட்டகம் மட்டும் சேர்த்தோம்.

நான்கு வாரம் கழித்து இரண்டாம் மாதிரித் தேர்வு. முடிக்காதவர்கள் ஆறிலிருந்து இரண்டாகக் குறைந்தார்கள். 9 சொல் எழுதிய தம்பி 14க்கு வந்தான். முடிக்காத இருவருக்கும் சட்டகத்திலேயே வரிகள் காலி. அவர்களுக்கு டைம் பிரச்சினை இல்லை, அந்தப் பாடமே இன்னும் படியவில்லை. அவர்களை மட்டும் பழைய நீள விடைக்கே திருப்பி அனுப்பினேன். அதனால் இப்போது வழிகாட்டியில் ஒவ்வொரு தலைப்புக்கும் மூன்றும் இருக்கின்றன: படிக்க நீள விடை, எழுத 280 சொல் விடை, நினைவுகூரச் சட்டகம்.

உங்கள் தேர்வுத்தாள் கைக்கு வந்ததும் புள்ளியைப் பார்க்கும் முன் மூன்றாவது கட்டுரையைப் பாருங்கள். பாதியில் நின்றிருந்தால், ஐந்து நிமிடம் பார்த்தெழுதி உங்கள் வேகத்தை அளந்துவிட்டு அப்புறம் வழிகாட்டியில் கை வையுங்கள்.