வாங்கும் முன் அந்த ஐந்து வரிகள்

அரக்கோணத்திலிருந்து சென்னைக்கு வேலைக்குப் போகிறவருக்கு 9.15 மணிக்குச் சந்தை திறக்கும்போது கையில் இருப்பது செல்போன் மட்டும்தான். முந்தைய இரவே சார்ட் பார்த்து, எங்கே வாங்குவது, எங்கே ஸ்டாப்லாஸ், எங்கே விற்பது என்று குறித்து வைத்திருப்பார். விலை தொட்டதும் மார்க்கெட் ஆர்டரைத் தட்டிவிடுவார். பெரிய நிறுவனப் பங்கென்றால் பெரும்பாலும் பிழையில்லை. ஸ்மால் கேப் என்றால், சார்ட்டுக்குக் கீழே ஒளிந்திருக்கும் இன்னொரு திரையை அவர் பார்க்கவில்லை என்று பொருள்.

சந்தை மதிப்பு வரிசையில் 251-வது இடத்திலிருந்து கீழே உள்ள எல்லாமே ஸ்மால் கேப் என்பது செபியின் கணக்கு. அதில் நன்றாகப் புழங்கும் பங்கும் உண்டு, நாளுக்கு நாலு பேர் தொடும் பங்கும் உண்டு. விலையை வைத்து இதைச் சொல்ல முடியாது. நம்மூரிலேயே தொழிற்சாலை வைத்திருக்கும் எம்.ஆர்.எஃப். பங்கு 2023 ஜூனில் ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டியது. ஒரு லட்ச ரூபாய்ப் பங்கில் வாங்குபவர் விலைக்கும் விற்பவர் விலைக்கும் நூறு ரூபாய் இடைவெளி இருந்தால் அது 0.1 சதவீதம்தான். 84 ரூபாய்ப் பங்கில் 80 காசு இடைவெளி கிட்டத்தட்ட ஒரு சதவீதம். ஸ்ப்ரெட்டைக் காசில் பார்க்காதீர்கள், சதவீதத்தில் பாருங்கள்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். பங்கு கற்பனை, கணக்கு நிஜம். கடைசியாக வியாபாரமான விலை 84.40. ஸ்டாப்லாஸ் 81.50, இலக்கு 90. சார்ட்டின்படி இழப்பு 2.90, லாபம் 5.60, ஒன்றுக்கு இரண்டு என்ற மாதிரி அழகாக இருக்கிறது. வாங்க நினைப்பது 1,000 பங்கு.

இப்போது மார்க்கெட் டெப்த்தைத் திறங்கள். விற்பவர் பக்கம் 84.40-க்கு 120 பங்குதான். அடுத்து 84.60-க்கு 200, 84.95-க்கு 150, 85.20-க்கு 230, 85.50-க்கு 400. மார்க்கெட் ஆர்டர் போட்டால் ஐந்து படியும் ஏறி, சராசரி 85.04-க்கு வாங்கியிருப்பீர்கள். வாங்குபவர் பக்கம் 83.60-இல் தொடங்கி 82.25 வரை, ஐந்து வரியிலும் சேர்த்தே 1,000 பங்குதான். அடுத்த நொடியே விற்றால் சராசரி 82.81 கிடைக்கிறது என்று வையுங்கள். பங்கின் விலை அசையவே இல்லை. உங்கள் பையில் 2,200 ரூபாய் இல்லை. தரகும் வரியும் தனி.

இரு விலைகளின் நடுப்புள்ளி 84. அதைவிட 1.04 ரூபாய், அதாவது 1.24 சதவீதம் கூடக் கொடுத்திருக்கிறீர்கள். இதற்குத்தான் இம்பாக்ட் காஸ்ட் என்று பெயர். நிஃப்டி 50-இல் இடம்பிடிக்க, 10 கோடி ரூபாய்க் கூடைக்கே இது 0.50 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்கிறது தேசியப் பங்குச் சந்தை. நாம் 85,000 ரூபாய்க்கு அதைப்போல இரு மடங்குக்கு மேல் கொடுத்திருக்கிறோம்.

இனி சார்ட்டைத் திருத்துங்கள். வாங்கிய விலை 85.04. ஸ்டாப்லாஸ் 81.50-இல் தட்டினால், இதே அளவு டெப்த் இருந்தாலும் கைக்கு வருவது 80.30 சுமார். இழப்பு 4.74, லாபம் 4.96. ஒன்றுக்கு ஒன்று! அதுவும் நல்ல நாளில். ஸ்டாப்லாஸ் தட்டும் நேரத்தில் வாங்குபவர்கள் முதலில் ஒதுங்கிவிடுவார்கள். லோயர் சர்க்யூட் விழுந்தால் வாங்குபவர் பக்கம் வெறுமையாகிவிடும். ஸ்டாப்லாஸ் ஆர்டர் இருக்கும், பங்கை எடுக்க ஆள் இருக்காது.

ஆகவே முதலில் அளவைக் குறையுங்கள். அதே பங்கில் 320 மட்டும், 84.60-க்கு லிமிட் ஆர்டராகப் போட்டால் முதல் இரண்டு படியோடு முடிந்துவிடும், சராசரி 84.53. வெளியே வரும்போதும் சரிவு 63 காசு அளவில் நிற்கும். விகிதம் ஒன்றுக்கு ஒன்றரை. எத்தனை பங்கு என்பதை விற்பவர் பக்கத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். உள்ளே போவது நம் விருப்பம், வெளியே வருவது வாங்குபவர் விருப்பம். வாங்குபவர் பக்கம் ஐந்து வரியிலும் சேர்த்து இருப்பதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நான் போவதில்லை.

ஒருமுறை பார்த்ததும் நம்பிவிடவும் கூடாது. திறந்த பத்து நிமிடத்தில் தடித்துத் தெரியும் டெப்த் மதியம் காய்ந்து கிடக்கலாம். மூன்றாம் வரியில் திடீரென்று 5,000 பங்கு நின்று, விலை நெருங்கியதும் காணாமல் போனால் அதைக் கணக்கில் சேர்க்காதீர்கள். அளவின் ஒரு பகுதியை மட்டும் காட்டி ஆர்டர் போடும் வசதியும் இருப்பதால், தெரிவது முழுசும் அல்ல. அடியில் வரும் மொத்த வாங்கல், மொத்த விற்பனை எண்களில் எங்கோ தூரத்து விலையில் காத்திருக்கும் ஆர்டரும் அடங்கும். அதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

சார்ட்டே சில நேரம் துப்புக் கொடுக்கும். ஐந்து நிமிட சார்ட்டில் மெழுகுவத்திகளுக்குப் பதில் கோடுகளும் இடைவெளிகளுமாக இருந்தால், நீங்கள் பார்க்கும் பிரேக்அவுட்டைப் பத்துப் பங்கு வாங்கிய ஒருவரே உண்டாக்கியிருக்கலாம். ஸ்ப்ரெட் ஒரு சதவீதத்தைத் தாண்டினால் அந்த சார்ட்டை மூடிவிடுங்கள்.