குரோம்புக்கில் கேம் ஓடுமா?

ரூ.16,000-க்கு 4 ஜிபி ரேம் குரோம்புக் வாங்கினோம். பையன் மைன்கிராஃப்ட், ஜிடிஏ 5 கேட்கிறான். ஓடுமா? – ஒரு வாசகி, திருவெள்ளறை

பையனின் கோரிக்கையில் பாதி நிறைவேறும்.

குரோம்புக்கில் விண்டோஸ் கிடையாது. ஜிடிஏ 5-ன் .exe கோப்பை இறக்கினால், அது சும்மா உட்கார்ந்திருக்கும்.

மைன்கிராஃப்டுக்குக் கவலை வேண்டாம். குரோம்புக்குக்கென்றே தனிப் பதிப்பு 2023-ல் வந்துவிட்டது. 4 ஜிபி ரேம் போதும். செட்டிங்ஸில் பிளே ஸ்டோரை இயக்கி, காசு கொடுத்து வாங்கினால், நெட் இல்லாமலும் தனியாக விளையாடலாம். குரோமில் பத்து டேப் திறந்திருந்தால் திணறும், மூடிவிடச் சொல்லுங்கள். மற்ற போன் கேம்களில் தொடுதிரைக்கென்றே செய்தவை மவுஸுக்கு மசியாது.

ஜிடிஏ போன்ற பெரிய கேம்களுக்கு ஸ்ட்ரீமிங் ஒன்றே வழி. கேம் வேறொரு சர்வரில் ஓடும், இங்கே வருவது படம் மட்டும். அதனால் வேகத்தைவிட தாமதமே முக்கியம். சந்தா கட்டுமுன், மாலை நேரத்தில் Ctrl+Alt+T அழுத்தி இதைத் தட்டுங்கள்:

```
ping google.com
```

time= எண் 40-க்குள் நிலையாக நின்றால் நம்பலாம். 30, 180, 60 என்று குதித்தால், பொத்தானை அழுத்திய பிறகுதான் கார் திரும்பும். அப்போது செல்போன் ஹாட்ஸ்பாட்டை விட்டு, ஃபைபர் இணைப்பில் சோதியுங்கள்.