எஸ்.எஸ்.பி.க்குக் கிளம்பும் நெல்லைப் பிள்ளைகளுக்கு: செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

என்.டி.ஏ., சி.டி.எஸ். எழுத்துத் தேர்வில் தேறியவர்களுக்கு அடுத்த படி எஸ்.எஸ்.பி. ஐந்து நாள் உள்ளேயே தங்கித் தேர்வு கொடுக்க வேண்டும். திருநெல்வேலிக்குப் பக்கம் என்றால் தரைப்படைக்குப் பெங்களூரு, விமானப்படைக்கு மைசூரு. போபால், பிரயாக்ராஜ், ஜலந்தர் என்று வடக்கே அழைப்பு வந்தாலும் வியப்பதற்கில்லை. எங்கே போனாலும் நடைமுறை ஏறக்குறைய ஒன்றுதான்.

முதல் நாள் வடிகட்டும் நாள். காலையில் அறிவுக்கூர்மைத் தேர்வு, அதன் பிறகு ஒரு படத்தைக் காட்டிக் கதை எழுதச் சொல்லிக் குழுவாகப் பேசவிடுவார்கள். இதில் தேறாதவர்கள் அன்றைக்கே ஊர் திரும்ப வேண்டியதுதான். தேறியவர்களுக்கு மார்பு எண் கொடுப்பார்கள். அதன் பிறகு பெயரைவிட அந்த எண்தான் அதிகம் ஒலிக்கும். இரண்டாம் நாள் உளவியல் தேர்வுகள். மூன்றாம், நான்காம் நாள்களில் ஜி.டி.ஓ. என்னும் குழுத்தேர்வு அதிகாரி திறந்த மைதானத்தில் வேலை வாங்குவார். இடையில் ஏதோ ஒரு பிற்பகலோ மாலையோ நேர்காணல். ஐந்தாம் நாள் எல்லா அதிகாரிகளும் கூடி உட்காரும் கான்பரன்ஸ், அன்றே முடிவு.

உளவியல் அலுவலர், ஜி.டி.ஓ., நேர்காணல் அதிகாரி ஆகிய மூவரும் தனித்தனியாகத்தான் உங்களைப் பார்க்கிறார்கள். ஐந்தாம் நாள்தான் மூன்று மதிப்பீடுகளும் ஒரே மேசைக்கு வருகின்றன. மூன்றிலும் ஒரே ஆள் தெரிகிறாரா என்பதுதான் கேள்வி. கீழே சொல்வது எல்லாவற்றுக்கும் அதுவே அடிப்படை.

செய்ய வேண்டியவை

பி.ஐ.க்யூ. படிவத்தை ஊரிலேயே ஒருமுறை எழுதிப் பாருங்கள். முதல் நாளே கொடுக்கும் சொந்த விவரப் படிவம் இது. பெரும்பாலோர் அரை மணி நேரத்தில் அவசரமாக நிரப்பிவிட்டு, பிறகு நான்கு நாள் அதற்குப் பதில் சொல்லிக்கொண்டிருப்பார்கள். நேர்காணல் முழுக்க இந்தத் தாளின்மேல்தான் நடக்கும். அப்பா அம்மாவின் படிப்பு, தொழில், மாத வருமானம், அண்ணன் தங்கை என்ன செய்கிறார்கள், பத்தாம் வகுப்பிலிருந்து ஒவ்வொரு கட்டத்திலும் எத்தனை சதவீதம், என்ன விளையாட்டு, என்ன பொழுதுபோக்கு, என்.சி.சி. உண்டா, இதற்கு முன் எத்தனை முறை எந்த மையத்துக்குப் போனீர்கள் என்று எல்லாம் கேட்கும்.

அதிக காலம் வசித்த ஊர் எது, அதன் மக்கள்தொகை எவ்வளவு, அது மாவட்டத் தலைநகரா என்றும் ஒரு வரி வரும். நம் பக்கத்துப் பிள்ளைகள் தடுமாறுவது இங்கேதான். கடையம் பையனின் பள்ளிச் சான்றிதழில் திருநெல்வேலி மாவட்டம் என்று இருக்கும். 2019 நவம்பரிலிருந்து அவன் ஊர் தென்காசி மாவட்டம். ஸ்ரீவைகுண்டத்துப் பெண்ணுக்குத் தாமிரபரணியும் நெல்லையும் வீட்டு வாசல் மாதிரி, மாவட்டமோ தூத்துக்குடி. உங்கள் ஊர் இன்றைக்கு எந்த மாவட்டம், எந்தத் தாலுகா, எத்தனை பேர் வசிக்கிறார்கள் என்பதை ஊராட்சி அலுவலகத்தில் கேட்டு எழுதிக்கொண்டு போங்கள்.

பொழுதுபோக்குக் கட்டத்தில் ஒரு சொல் என்ன வேலை செய்யும் என்று பார்ப்போம். கல்லிடைக்குறிச்சிப் பையன் ஒருவன் ‘நீச்சல்’ என்று எழுதுகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதிகாரி கேட்பார்: எங்கே நீந்துவாய்? ஆற்றில் என்றால் எந்தப் படித்துறை? அங்கே ஆழம் எவ்வளவு? பாபநாசத்தில் கார் பருவத்துக்குத் தண்ணீர் திறந்துவிட்டால் இழுப்பு எப்படி மாறும்? நீ யாருக்காவது கற்றுக்கொடுத்திருக்கிறாயா? 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் வெள்ளம் வந்தபோது எங்கே இருந்தாய், என்ன செய்தாய்?

கடைசிக் கேள்வியில்தான் பலர் சறுக்குவார்கள். அந்த வெள்ளத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸ் சுமார் 800 பயணிகளுடன் ஸ்ரீவைகுண்டத்தில் சிக்கியதும், ஹெலிகாப்டரில் உணவு கொண்டுபோனதும் அதிகாரிக்குத் தெரியாமலிருக்காது. அந்தப் பையன் அன்றைக்குச் செய்தது, கீழ் வீட்டுப் பாட்டியை மாடிக்குத் தூக்கிவந்து அரிசி மூட்டையையும் ஏற்றி வைத்ததுதான் என்றால் அதையே சொல்லட்டும். எத்தனை மணிக்குத் தண்ணீர் வாசலைத் தொட்டது, யார் யார் கை கொடுத்தார்கள், பாட்டியின் மருந்து எங்கே இருந்தது என்று அடுத்தடுத்துக் கேட்டாலும் அவனிடம் பதில் இருக்கும். படகில் போய்ப் பத்துப் பேரைக் காப்பாற்றினேன் என்று சொன்னால் மூன்றாவது கேள்வியிலேயே கதை நின்றுவிடும். அதோடு நிற்காமல், அதற்கு முன் சொன்ன உண்மைகளும் சந்தேகத்துக்கு உள்ளாகும்.

கேள்விச் சரத்துக்குப் பழகுங்கள். நேர்காணலில் ஒரே மூச்சில் எட்டுப் பத்துக் கேள்விகளை அடுக்கிவிட்டு நிறுத்துவார்கள்: பத்தாம் வகுப்பு மதிப்பெண், பன்னிரண்டாம் வகுப்பில் ஏன் கூடியது அல்லது குறைந்தது, பிடித்த ஆசிரியர், பிடிக்காத ஆசிரியர், நெருங்கிய நண்பர், அவரிடம் பிடிக்காத குணம், இப்படியே. வரிசை தவறாமல் எல்லாவற்றுக்கும் பதில் சொல்ல வேண்டும். வீட்டில் யாரையாவது கேட்கச் சொல்லிப் பழகினாலே போதும். பயிற்சி நிலையம் தேவையில்லை.

பெயரை எல்லாத் தாள்களிலும் ஒப்பிட்டுப் பாருங்கள். இது தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்கே உரிய சிக்கல். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் இனிஷியல் பின்னால் இருக்கும், ஆதாரில் அப்பா பெயர் முழுதாக விரிந்திருக்கும், விண்ணப்பத்தில் இனிஷியல் முன்னால் போயிருக்கும். ஆவணச் சரிபார்ப்பில் பிறந்த தேதிக்கும் பெயருக்கும் அவர்கள் பார்ப்பது பத்தாம் வகுப்புச் சான்றிதழைத்தான். விண்ணப்பம் அதன்படி இல்லையென்றால், அழைப்புக் கடிதம் வந்த பிறகு தவிக்காமல் முன்கூட்டியே உறுதிமொழிப் பத்திரம் எழுதி வையுங்கள்.

அசல் சான்றிதழ்களோடு ஒவ்வொன்றுக்கும் இரண்டு நகல், அழைப்புக் கடிதம், அடையாள அட்டை, வெள்ளைப் பின்னணியில் எடுத்த பாஸ்போர்ட் அளவுப் படங்கள் இருபதாவது, பயணச்சீட்டு, வங்கிப் புத்தகத்தின் முதல் பக்க நகல் எல்லாம் ஒரே கோப்பில் இருக்கட்டும். கடைசி ஆண்டு படிப்பவர் கல்லூரி முதல்வரின் சான்றும், வேலையில் இருப்பவர் அலுவலகத்தின் ஆட்சேபணையில்லாச் சான்றும் வாங்க வேண்டும். அடிபட்டால் இழப்பீடு கோர மாட்டோம் என்று பெற்றோர் கையெழுத்திடும் ரிஸ்க் சான்றிதழை மறந்துவிட்டு வருவோர் உண்டு. அந்தக் கையெழுத்தை மையத்து வாசலில் வாங்க முடியாது.

பத்து நாளுக்குத் துணி எடுத்துப் போங்கள். ஐந்து நாள் தேர்வு என்பதால் ஐந்து நாளுக்கு மட்டும் பெட்டி கட்டுவது வழக்கம். தேர்வானவர்களை மருத்துவப் பரிசோதனைக்கு மேலும் சில நாள் நிறுத்திவைப்பார்கள். மைதானத்துக்கு வெள்ளை பி.டி. ஷூ இரண்டு ஜோடி, வெள்ளை டி-ஷர்ட், அரைக்கால் சட்டை அல்லது டிராக் பேன்ட். நேர்காணலுக்கும் கான்பரன்சுக்கும் தேய்த்த முழுக்கைச் சட்டை, பேன்ட், கறுப்பு ஷூ. அழைப்புக் கடிதத்தில் உடைப்பட்டியல் இருந்தால் அதுதான் கணக்கு. பெட்டிக்குப் பூட்டு ஒன்று வேண்டும். புது ஷூ வாங்கினால் ஊரிலேயே ஒரு வாரம் போட்டு ஓடிப் பழகிவிடுங்கள். மூன்றாம் நாள் காலில் கொப்புளம் வந்தால் அதை வைத்துக்கொண்டுதான் தடைகளைத் தாண்ட வேண்டும்.

ஒரு நாள் முன்னதாகப் போய்ச் சேருங்கள். தென்பக்கத்திலிருந்து போகும் ரயில்களில் சில பெங்களூரு கே.எஸ்.ஆர். நிலையத்துக்குப் போகாமல் எஸ்.எம்.வி.டி. நிலையத்தோடு நின்றுவிடும். எந்த நிலையத்தில், எத்தனை மணிக்கு ஆஜராக வேண்டும் என்று கடிதத்தில் இருக்கும். அதையும் பயணச்சீட்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரு வகை நுழைவுக்கு முதல் முறை வருபவருக்கு மூன்றடுக்கு ஏ.சி. ரயில் கட்டணம் வரைக்கும் திருப்பித் தருவார்கள். அதே வகைக்கு மறுமுறை வருபவருக்குக் கிடையாது.

செய்யக்கூடாதவை

மனப்பாடக் கதையோடு போகாதீர்கள். முதல் நாள் மங்கலான படம் 30 விநாடி தெரியும். அதில் எத்தனை பேர், ஆணா பெண்ணா, வயது, மனநிலை என்று குறிக்க ஒரு நிமிடம், கதை எழுத நான்கு நிமிடம். இரண்டாம் நாள் இதே மாதிரி பதினொரு படம். பன்னிரண்டாவது வெறும் வெள்ளைத் தாள். எந்தப் படத்துக்கும் ஒரே ராணுவ வீரன், ஒரே விபத்து, ஒரே மீட்பு என்று எழுதினால் உளவியல் அலுவலருக்கு உங்களைப் பற்றி ஒன்றுமே கிடைக்காது. படத்தில் மூன்று பேர் தெரிந்தால் மூன்று பேர்தான். வயலில் மடை அடைக்கும் ஆள் மாதிரி தெரிந்தால் அதையே எழுதுங்கள். உங்களுக்குத் தெரிந்த வேலையைப் பற்றி எழுதும்போது விவரம் தானாக வரும்.

அடுத்து 60 சொற்கள், ஒன்றுக்கு 15 விநாடி. அதன் பிறகு 30 நிமிடத்தில் 60 சூழ்நிலைகள். இங்கே பலரைக் கெடுப்பது, முதலில் தமிழில் யோசித்துப் பிறகு ஆங்கிலமாக்குவது. நேரம் போய்விடும், பாதி காலியாக நிற்கும். சூழ்நிலைக்கு ஐந்தாறு சொல்லில் என்ன செய்வேன் என்று எழுதினால் போதும். இலக்கணம் சற்றுப் பிசகினாலும் பாதகமில்லை. ஒரு மாதம் கடிகாரத்தை வைத்துக்கொண்டு எழுதிப் பாருங்கள்.

குழு விவாதத்தில் கத்தாதீர்கள், மௌனமாகவும் இருந்துவிடாதீர்கள். முதல் நாள் பதினைந்து பேர் ஒரே நேரத்தில் பேசிச் சந்தைக்கடை ஆவது சாதாரணம். அதில் குரலை உயர்த்துவதால் பயனில்லை. சத்தம் சற்றுத் தணியும் இடத்தில், முன்னே பேசியவரின் கருத்தைப் பிடித்து இரண்டு வாக்கியம் சேருங்கள். நம் பிள்ளைகள் ஆங்கிலத்துக்கு அஞ்சி ஒதுங்கிவிடுவதுதான் எனக்கு வருத்தம். எளிய ஆங்கிலம் போதும், உச்சரிப்புக்கு மதிப்பெண் இல்லை. பேசவே இல்லையென்றால் மதிப்பிட எதுவும் இருக்காது.

மைதானத்தில் விதியை மறைத்து மீறாதீர்கள். குழுவாகப் பலகை, கம்பு, கயிறு கொண்டு தடை கடக்கும்போது சிவப்பு வண்ணம் பூசிய பகுதியைத் தொடக்கூடாது. கால் பட்டுவிட்டால் நீங்களே சொல்லிவிட்டுத் திரும்ப வாருங்கள். ஜி.டி.ஓ. பார்க்காத மாதிரிதான் நிற்பார். தனியாள் தடைகள் பத்து, நேரம் மூன்று நிமிடம். ஒன்று முதல் பத்து வரை எண்ணுக்கேற்ற புள்ளிகள். பத்தையும் முடிப்போர் குறைவு. வரிசையாகத்தான் போக வேண்டும் என்றில்லை. தடைகளை முன்கூட்டிக் காட்டும்போதே எதிலிருந்து தொடங்கி எப்படிச் சுற்றி வருவது என்று மனத்தில் பாதை போட்டுவிடுங்கள்.

கைபேசியை நம்பி எதையும் வைக்காதீர்கள். தேர்வு நேரத்தில் அது உங்கள் கையில் இருக்காது. வீட்டு எண், சான்றிதழ் எண், மதிப்பெண் விவரம் எல்லாம் தாளில் இருக்கட்டும். திரும்பும் பயணச்சீட்டையும் ஐந்தாம் நாளுக்கு உறுதியாகப் போட்டுவிடாதீர்கள். முதல் நாளே திரும்ப நேரலாம், மருத்துவத்துக்காக அடுத்த வாரம் வரை நிற்கவும் நேரலாம்.

காதை மறக்காதீர்கள். ஐந்து நாளும் தாண்டி மருத்துவத்தில் தற்காலிகத் தகுதியின்மை வாங்குபவர்களுக்குப் பொதுவான காரணங்களில் காதுக் குறும்பியும் ஒன்று. குளிர் தண்ணீரில் தினம் முழுகிக் குளிக்கும் ஆற்றங்கரைப் பிள்ளைகள் கிளம்புவதற்கு முன் ஹைகிரவுண்ட் அரசு மருத்துவமனையிலோ தெரிந்த காது மூக்கு தொண்டை மருத்துவரிடமோ காட்டிச் சுத்தம் செய்துகொள்ளுங்கள். ஊக்கையோ தீக்குச்சியையோ விட்டுக் குடையாதீர்கள். செவிப்பறையில் கீறல் விழுந்தால் குறும்பியைவிட அது பெரிய சிக்கல். பல்லையும் கண்ணையும் அதே வாரத்தில் பார்த்துவிட்டால், சரிசெய்ய வேண்டியது ஏதேனும் இருந்தாலும் கிளம்புவதற்குள் நேரம் கிடைக்கும்.