ஈபிஎப் பணத்தை எந்த வயதில் எடுக்கலாம்? இந்தத் தலைப்பு வந்த வழி

கூகுளில் ஒன்றைத் தேடினால், விடைகளுக்கு நடுவே மற்றவர்கள் கேட்ட கேள்விகள் என்று ஒரு பெட்டி வரும். ஒரு கேள்வியைத் தட்டினால் கீழே இன்னும் சில கேள்விகள் முளைக்கும். பணவிஷயங்களை எளிய தமிழில் விளக்கி எழுதும் நான் தலைப்புகளைப் பெரும்பாலும் அங்கிருந்துதான் எடுக்கிறேன். எடுத்ததை அப்படியே போடுவதில்லை.

ஹுன்னஸ்கிரியவில் இருந்துகொண்டு தமிழில் தேடினால் முதல் தொல்லை, பெட்டியில் இருப்பவை பெரும்பாலும் இந்தியக் கேள்விகள். அங்கேயும் ஈபிஎப் உண்டு, பெயரும் அதே. ஆனால் அங்கே தொழிலாளியிடம் 12 சதவீதம் பிடிப்பார்கள், இங்கே 8. கேள்வியில் `UAN` என்றோ ஆதார் என்றோ கண்ணில் பட்டால் அது நம்முடையது அல்ல. தேடல் முகவரியின் கடைசியில் இதைச் சேர்த்தால் நாட்டை மாற்றிப் பார்க்கலாம்:

```
&gl=lk&hl=ta
```

அப்படியும் தமிழில் இலங்கைக் கேள்விகள் சிலவே வரும். அப்போது ஆங்கிலத்திலும் தேடி, அந்தக் கேள்வி நம்மவர்கள் வாயில் எப்படி வரும் என்று பார்த்து எழுதிக்கொள்வேன்.

அப்படிக் கிடைத்த ஒன்றுதான், "55 வயதுக்கு முன் ஈபிஎப் பணத்தை எடுக்கலாமா?" பார்க்க நல்ல தலைப்பு. சின்னது, நிறையப் பேர் கேட்பது. ஆனால் 55 என்பது ஆண்களுக்கான வயது. பெண்களுக்கு 50. மஹியங்கனை வீதியை ஒட்டிய தோட்டங்களில் கொழுந்து பறிப்பவர்களில் பெரும்பாலானோர் பெண்கள். இந்தத் தலைப்பைப் போட்டால், உள்ளே சரியான விடை இருந்தாலும், தலைப்பை மட்டும் பார்த்துவிட்டுப் போகும் பெண் இன்னும் ஐந்து வருஷம் காத்திருக்க வேண்டும் என்றே நினைப்பாள். எங்கள் பக்கத்து அக்கா ஒருவர், "தம்பி, எனக்கு 51 ஆச்சு. 55 ஆகணும்னு எல்லாரும் சொல்றாங்களே?" என்று கேட்டதுண்டு. கேள்விக்குள்ளே ஒரு எண் இருந்தால், அது யாருடைய எண் என்று முதலில் பார்க்க வேண்டும். அதனால் எண்ணை எடுத்துவிட்டு "எந்த வயதில் எடுக்கலாம்?" என்று மாற்றினேன்.

வயதைப் பற்றி இன்னொரு குழப்பமும் பெட்டிக்குள் வருகிறது. 2021ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் தனியார் துறையில் குறைந்தபட்ச ஓய்வு வயதை 60 ஆக்கியது. உடனே "ஈபிஎப் வயதும் 60 ஆகிவிட்டதா?" என்ற கேள்வி கிளம்பியது. ஆகவில்லை. இதைத் தனித் தலைப்பாக வைப்பது நல்லது, ஏனென்றால் கேட்பவரின் பயம் வேறு.

ஆமா, இல்லை என்று முடிகிற கேள்விகளில் கூடுதல் கவனம் வேண்டும். "வேலையை விட்டால் பணம் எடுக்கலாமா?" என்பதற்கு ஈபிஎப்பில் பொதுவாக இல்லை. திருமணத்துக்காக வேலையை விடும் பெண், வேலை செய்ய முடியாதபடி நிரந்தரமாக உடல்நலம் கெட்டவர், நாட்டை விட்டே போகிறவர் போன்றவர்களுக்கு விலக்கு உண்டு. ஈடிஎப் என்றால் வேலையை விட்டவர் கேட்கலாம், ஆனால் ஐந்து ஆண்டுக்கு ஒரு முறைதான். ஒரே கேள்விக்கு இரண்டு நிதிக்கும் இரண்டு விடை. ஆகவே தலைப்பையும் இரண்டாக உடைத்துவிடுவேன்.

தலைப்பில் கேட்டதற்கு முதல் இரண்டு வாக்கியத்திலேயே விடை சொல்லியாக வேண்டும். "எந்த வயதில் எடுக்கலாம்?" என்ற தலைப்புக்கு நான் எழுதியது: "வேலையிலிருந்து விலகும் பெண்கள் 50 வயதிலும் ஆண்கள் 55 வயதிலும் எடுக்கலாம். அதற்கு முன் வீட்டுக்கோ வைத்தியத்துக்கோ 30 சதவீதம் வரை பெற வழியுண்டு. அதற்குப் பத்து ஆண்டுச் சந்தாவும் கணக்கில் குறைந்தது 3 லட்சம் ரூபாயும் வேண்டும்." வரலாறும் 1958ஆம் ஆண்டுச் சட்டமும் அதற்குப் பிறகுதான்.

தமிழ் எழுத்துகள் அகலமானவை. தேடல் பக்கத்தில் தலைப்பு சீக்கிரமே வெட்டுப்படும். அதனால் ஈபிஎப் என்ற சொல்லை முன்னால் வைக்கிறேன். வால் போனாலும் எதைப் பற்றியது என்று தெரியும்.

பெட்டியில் ஒருபோதும் வராத கேள்விகளும் இருக்கின்றன. சம்பளச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு, "என் சம்பளத்துல 23 சதவீதம் பிடிக்கிறாங்களா?" என்று கேட்பவர்கள் உண்டு. 50,000 ரூபாய்ச் சம்பளத்தில் நம்மிடம் பிடிப்பது 4,000 ரூபாய்தான். ஈபிஎப்புக்கு 6,000 ரூபாயும் ஈடிஎப்புக்கு 1,500 ரூபாயும் முதலாளி தன் கையிலிருந்து போடுவது. இந்தக் கேள்வியை நான் தலைப்பாக்கியபோது பெட்டியில் அது இல்லை. இருந்தும் இந்தப் பக்கத்தில் அதிகம் பேர் என்னிடம் வந்து பேசியது அதைப் படித்துவிட்டுத்தான்.