சத்தம் குறைஞ்சது, ஷாஃப்ட் நகர்ந்தது: ஹெலிக்கல் கியரின் மறுபக்கம்

போன எபிசோடில் ‘ஹெலிக்கல் கியர் போட்டேன், கிரைண்டர் அமைதியாயிடுச்சு’ன்னு ஒரே வரியில் முடிச்சிட்டேன். உண்மை அவ்வளவு சுத்தமா இல்லை. பத்து நாள் கழிச்சு அதே கிரைண்டர் கரகரன்னு கத்த ஆரம்பிச்சுது. அந்த மீதிக் கதைதான் இந்த வாரம்.

முதல்ல சத்தம் எங்கிருந்து வருதுன்னு பார்க்கலாம். மேனுவல் கியர் கார் ஓட்டினவங்களுக்கு ரிவர்ஸ்ல போகும்போது வர்ற அந்த ‘உய்ய்ங்’ ஊளை தெரிஞ்சிருக்கும். பல கார்களில் முன்னோக்கிப் போற கியர்கள் ஹெலிக்கல், ரிவர்ஸ் மட்டும் ஸ்பர். ஸ்பர் கியரில் பல் ஷாஃப்ட்டுக்கு இணையா, நேரா வெட்டியிருக்கும். அதனால் ஒரு பல் அடுத்த கியரின் பல்லைத் தொடும்போது முழு அகலமும் ஒரே நொடியில் தொடும், ஒரே நொடியில் விடும். இடையில் ஒரு சமயம் இரண்டு ஜோடிப் பற்கள் சுமையைத் தாங்கும், அடுத்த கணம் ஒரு ஜோடி மட்டும். பற்கள் மிக லேசா வளைவதால், தாங்கும் ஜோடி மாறும்போதெல்லாம் ஒரு சின்ன உதறல். ஒவ்வொரு பல்லுக்கும் ஒரு உதறல்.

என் கிரைண்டரில் மோட்டார் 1400 ஆர்.பி.எம்., அதன் சின்ன கியரில் 20 பல். நொடிக்கு 20 × 1400 / 60, அதாவது சுமார் 467 உதறல். போனில் ஒரு ஸ்பெக்ட்ரம் ஆப் வச்சுப் பார்த்தா 467 ஹெர்ட்ஸில் ஒரு கோபுரம், 933-இல் இன்னொண்ணு. கீழ் வீட்டுக்காரர் கதவைத் தட்டினது இந்தக் கோபுரத்துக்காகத்தான்.

ஹெலிக்கல் கியரில் பல் சாய்வா வெட்டியிருக்கும். தொடுதல் ஒரு மூலையில் ஆரம்பிச்சு மெதுவா குறுக்கே நகரும். ஒரு பல் முழுசா விடுறதுக்குள்ள அடுத்தது உள்ளே வந்திருக்கும். ஆனா இது நடக்க சாய்வு மட்டும் போதாது, பல்லின் அகலமும் வேணும். மாடியூல் 1.25, சாய்வு 20 பாகைன்னா, ஒரு பல்லின் சாய்வு அடுத்த பல்லின் இடத்தை எட்ட சுமார் 11.5 மி.மீ. அகலம் தேவை. நான் 12 மி.மீ. எடுத்தேன். குறுகலா வெட்டின ஹெலிக்கல் கியருக்குக் காசு கொடுக்கிறது வீண்.

இப்போ விலை. சாய்ந்த பல்லில் விசை செலுத்தினா அதில் ஒரு பங்கு ஷாஃப்ட்டின் நீளவாக்கில் திரும்பும். திருகாணியைத் திருப்பினா முன்னாடி போகுமே, அதே விஷயம். கணக்கு ரொம்ப எளிது:

```
Fa = Ft × tan(β)
```

Ft என்பது பல்லைச் சுற்றுவாக்கில் தள்ளும் விசை, β சாய்வுக் கோணம், Fa நீளவாக்குத் தள்ளல்.

என் மோட்டார் 180 வாட், அதாவது முறுக்கு சுமார் 1.23 நியூட்டன்-மீட்டர். சின்ன கியரின் விட்டம் 26.6 மி.மீ., எனவே Ft சுமார் 92 நியூட்டன். 20 பாகைக்கு tan 0.364. தள்ளல் 34 நியூட்டன். இரண்டாவது கட்டத்தில் வேகம் 3.2 மடங்கு குறைஞ்சு, முறுக்கு அதே அளவு கூடுது. அங்கே தள்ளல் 90 நியூட்டன்.

இந்த இரண்டு விசையும் நடு ஷாஃப்ட்டில் சந்திக்குது. அந்த ஷாஃப்ட்டில் ஒரு கியர் விசையை வாங்குது, இன்னொண்ணு கொடுக்குது. இரண்டுக்கும் பல் சாய்வு ஒரே பக்கம் (இரண்டும் வலக்கை, அல்லது இரண்டும் இடக்கை) இருந்தா தள்ளல்கள் எதிரெதிரா நின்னு கழியும். நான் என்ன பண்ணேன்? ஒண்ணோடொண்ணு கடிக்கும் ஜோடிக்கு எதிர்க்கை வேணும்னு படிச்சதை, ஒரே ஷாஃப்ட்டில் உள்ள இரண்டுக்கும்னு தப்பா எடுத்துக்கிட்டேன். கழிய வேண்டியது கூடிப் போச்சு: 34 + 90 = 124 நியூட்டன், எப்பவும் மேல் நோக்கி.

இதைத் தாங்க அங்கே என்ன இருந்தது? நீடில் பேரிங். பழைய ஸ்பர் கியர் டிசைனில் போட்டதை அப்படியே விட்டுட்டேன். ஸ்பர் கியர் நீளவாக்கில் தள்ளாது, அதனால் அங்கே அது போதும். நீடில் பேரிங்கில் ஊசி மாதிரி உருளைகள் மேல ஷாஃப்ட் சும்மா வழுக்கும். பக்கச் சுமை நல்லாவே தாங்கும், நீளவாக்கில் பூஜ்யம்.

திறந்து பார்த்தப்போ பேரிங்குக்கு ஒண்ணும் ஆகலை. கியர்தான் மேல போய் அலுமினிய மூடியில் உரசியிருக்கு. மூடியில் கண்ணாடி மாதிரி பளபளன்னு ஒரு வட்டம், கிரீஸ் சாம்பல் கலந்த கறுப்பு. இந்தப் பழுதுக்கு அந்த வட்டம்தான் சாட்சி. திறக்காமலே கண்டுபிடிக்கணும்னா, பவரை எடுத்துட்டு ஷாஃப்ட்டை விரலால் மேலயும் கீழயும் தள்ளிப் பாருங்க. ‘டொக், டொக்’னு போய் வந்தா பிடிமானம் இல்லைன்னு அர்த்தம்.

உடனே டேப்பர் ரோலர் பேரிங் வாங்கத்தான் போனேன். தள்ளல்னாலே டேப்பர்னு மனசில் பதிஞ்சிருந்தது. கணக்குப் போட்டதும் நிறுத்திட்டேன். 15 மி.மீ. துளையுள்ள சாதாரண 6002 பால் பேரிங்கின் நிலைச்சுமைத் திறன் சுமார் 2850 நியூட்டன். எச்சரிக்கையா அதில் கால்பங்கை நீளவாக்குச் சுமைக்கு எல்லையா வச்சாலும் 700 நியூட்டன். என் மோசமான டிசைனே 124தான். டேப்பர் போட்டிருந்தா ஜோடியா போட்டு, இடைவெளியை மி.மீ.-இன் நூறில் சில பங்குக்குச் சரிசெய்யணும். இறுக்கினா சூடாகும், தளர்ந்தா ஆடும். சமையலறை மெஷினுக்கு அந்தத் தலைவலி எதுக்கு?

பேரிங்கின் வகையை விட அதைப் பிடிச்சு நிறுத்துறதுதான் எனக்கு அதிக வேலை வச்சது. கீழ் 6002-இன் உள்வளையத்தை ஷாஃப்ட் படிக்கும் சர்க்ளிப்புக்கும் நடுவில் பூட்டினேன். வெளிவளையத்தைக் கூட்டின் படிக்கும் மூடிக்கும் நடுவில். இரண்டு திசையிலும் பூட்டு, ஏன்னா முறுக்கு திரும்பினா தள்ளலும் திரும்பும். மேல் பேரிங்கின் வெளிவளையத்தை அரை மி.மீ. நகரவே விட்டேன். இரண்டையும் பூட்டினா, அலுமினியக் கூடு சூட்டில் எஃகு ஷாஃப்ட்டை விட அதிகம் நீளும், அந்த வித்தியாசம் முழுக்க பேரிங் பந்துகள் மேல விழும்.

கியரையும் மாத்தி வெட்டச் சொன்னேன். இரண்டும் வலக்கை, இரண்டாவது கட்டத்தில் சாய்வு 12 பாகை. இப்போ 54-இல் 34 கழிஞ்சு 20 நியூட்டன்தான் மிச்சம். முழுசா கழிக்கணும்னா 8 பாகை வரை இறங்கணும், ஆனா அப்போ பல் 35 மி.மீ. அகலம் வேணும், கூட்டில் இடமில்லை. அங்கே சத்தம் 146 ஹெர்ட்ஸ்தான், சின்ன கூட்டிலிருந்து காதுக்கு அவ்வளவா எட்டலை, விட்டுட்டேன்.

இதே கணக்கை கார் கியர்பாக்ஸுக்குப் போட்டா கதை மாறும். 150 நியூட்டன்-மீட்டர் முறுக்கு, 60 மி.மீ. விட்டம், 30 பாகை சாய்வுன்னா தள்ளல் சுமார் 2900 நியூட்டன், கிட்டத்தட்ட 300 கிலோ எடை. இன்ஜின் பிரேக்கிங்ல அது எதிர்ப் பக்கம் திரும்பும். அங்கே டேப்பர் ரோலருக்கு நியாயம் உண்டு. தள்ளலே வேணாம்னா இரண்டு சாய்வையும் V வடிவில் சேர்த்து வெட்டும் ஹெரிங்போன் கியர் இருக்கு. சிட்ரோயன் காரின் லோகோவில் இருக்கிற இரண்டு V அந்தப் பல்தான்.

ஒண்ணு மட்டும் நான் லேட்டா கவனிச்சேன். மோட்டார் ஷாஃப்ட்டிலும் அந்த 34 நியூட்டன் இருக்கு. பல மோட்டார்களில் ஒரு பேரிங்குக்குப் பின்னாடி அலைவடிவ ஸ்பிரிங் வாஷர் இருக்கும். தள்ளல் அந்த ஸ்பிரிங் பக்கம் போனா ரோட்டார் நகர்ந்து ஆடும். வலக்கை கியர் விசை கொடுக்கும்போது, வலது கை விரல்களைச் சுழற்சித் திசையில் மடக்கினா கட்டைவிரல் காட்டும் பக்கம்தான் அதன் தள்ளல். இடக்கைக் கியருக்கு இடது கை. நடு ஷாஃப்ட்டில் வலக்கைன்னா மோட்டார் கியர் இடக்கை. என் மோட்டாரில் அது ஸ்பிரிங் பக்கம் போகாம, பூட்டின பேரிங் பக்கமே விழுந்தது. அது என் புத்திசாலித்தனம் இல்லை, அதிர்ஷ்டம்.