இ-ரிக்‌ஷா சார்ஜ் கொட்டகையில் காற்றும் காவலும்

கேள்வி: பத்து இ-ரிக்‌ஷாக்களை இரவில் சார்ஜ் செய்யும் தகரக் கொட்டகைக்கு எவ்வளவு காற்றோட்டம் வேண்டும்? வண்டிகளுக்கு நடுவே எவ்வளவு இடம் விட வேண்டும்?

பதில்: தில்லி போன்ற நகரங்களில் ஓடும் ஈய-அமில இ-ரிக்‌ஷாவில், பயணிகள் இருக்கைக்கு அடியில் நான்கு 12 வோல்ட் பேட்டரிகள் இருக்கும். பேட்டரிக்கு ஆறு வீதம் மொத்தம் 24 செல்கள். முழு சார்ஜ் ஏற எட்டு முதல் பத்து மணி நேரம் ஆகும். முதல் பாதியில் ஏறும் மின்சாரம் பெரும்பாலும் சேமிப்பாகிறது. ஒரு செல்லின் மின்னழுத்தம் சுமார் 2.4 வோல்ட்டை எட்டியதும் நிலைமை மாறுகிறது. அதன்பின் மின்சாரம் பேட்டரியில் உள்ள நீரைப் பிரித்து ஹைட்ரஜனையும் ஆக்சிஜனையும் வெளியேற்றத் தொடங்குகிறது. இரவு எட்டு மணிக்குச் சார்ஜ் போட்டால், வாயு அதிகம் வருவது எல்லோரும் உறங்கும் பின்னிரவில்தான்.

ஹைட்ரஜனுக்கு நிறமோ மணமோ இல்லை. காற்றில் அது 4 சதவீதம் கலந்தாலே ஒரு சிறு பொறியில் பற்றிக்கொள்ளும். காற்றைவிட மிக லேசானது என்பதால் மேலே எழும்பிக் கூரையடியில் தங்கும்.

சார்ஜின் இறுதிக் கட்டத்தில் ஒரு வண்டிக்கு 5 ஆம்பியர் ஓடுவதாகக் கொள்ளலாம். ஓர் ஆம்பியர் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு செல்லிலிருந்து சுமார் 0.42 லிட்டர் ஹைட்ரஜன் வரும். அப்படியானால் ஒரு வண்டியிலிருந்து மணிக்கு ஏறத்தாழ 50 லிட்டர், பத்து வண்டிகளிலிருந்து 500 லிட்டர். கொட்டகை 10 மீட்டர் நீளம், 6 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரம் என்றால், அந்த வாயு முழு இடத்திலும் சீராகப் பரவி 4 சதவீதத்தை எட்டப் பதினான்கு மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஆனால் கூரையடியில் 20 செ.மீ. உயரத்துக்குள் தேங்கினால் ஒரு மணி நேரமே போதும். கொட்டகை பெரிதாக இருப்பது பாதுகாப்பு ஆகாது என்பதை இந்தக் கணக்கு காட்டுகிறது. கூரையடியில் வழி திறந்திருக்கிறதா என்பதே முக்கியம்.

இந்த அளவு வாயுவை, பற்றும் அளவில் ஐந்தில் ஒரு பங்குக்குள் வைத்திருக்க மணிக்கு 60 கன மீட்டர் காற்று போய்வர வேண்டும். ஃபேன் இல்லாமல் அது நடக்க, ஒரு சுவரில் தரையை ஒட்டி ஒரு திறப்பும், எதிர்ச்சுவரில் கூரையை ஒட்டி ஒரு திறப்பும் தேவை. ஒவ்வொன்றும் குறைந்தது 41 செ.மீ. சதுரம் இருக்க வேண்டும். கம்பி வலை பாதி வழியை அடைத்தால் திறப்பை இரட்டிப்பாக்க வேண்டும். மழைக்காக மேல்திறப்பைச் சாக்கால் மூடும் வழக்கத்தை அறவே விட வேண்டும்; அதற்கு மேல் ஒரு சாய்வுத் தகரம் அடித்தால் சாரல் நின்றுவிடும்.

சார்ஜ் ஆகும்போது இருக்கைப் பலகையைத் தூக்கி வைப்பது கட்டாயம். மூடியிருந்தால், கொட்டகைக்கு முன்னே அந்தப் பெட்டிதான் வாயுவால் நிரம்பும். பேட்டரியைச் சுற்றி அரை மீட்டருக்குள் சுவிட்சோ பிளக்கோ இருக்கக் கூடாது. கூரையடியிலும் சுவிட்ச் வைக்கக் கூடாது. வண்டிகளுக்கு நடுவே 80 செ.மீ. விட்டால், ஓர் ஆள் தடையின்றிப் போய் எந்த வண்டியையும் தனியே வெளியே இழுக்க முடியும்.

கேள்வி: பேட்டரி மாற்றும் நிலையத்துக்கும் இதே விதிகளா?

பதில்: இல்லை. மாற்று நிலையங்களில் உள்ளவை லித்தியம் பேட்டரிகள். நல்ல நிலையில் இருப்பவை சார்ஜ் ஆகும்போது வாயு விடுவதில்லை. கீழே விழுந்ததாலோ தண்ணீர் புகுந்ததாலோ பழுதான ஒரு செல் தானாகச் சூடேறி, அடுத்த செல்லையும் பற்றவைப்பதுதான் இங்கே ஆபத்து. அதனால் ஒவ்வொரு பேட்டரிக்கும் இரும்புத் தடுப்பு போட்ட தனி அறையும், சூடு வரம்பு மீறினால் அந்த அறைக்கு மட்டும் மின்சாரத்தைத் துண்டிக்கும் அமைப்பும் வேண்டும். வெயிலில் ஓடிவந்த பேட்டரி 45 டிகிரி செல்சியஸுக்கு மேல் இருந்தால், ஆறிய பிறகே சார்ஜ் போட வேண்டும். அலமாரியை நிழலில் வைத்தால் காத்திருப்பு குறையும்.

கேள்வி: காவலுக்கு இருப்பவர் எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்: ஈய-அமில பேட்டரியில் அழுகிய முட்டை நாற்றம் வந்தால் அது மிகைச் சார்ஜின் அடையாளம். நான்கில் ஒன்று மட்டும் அதிகம் சுட்டால் அதற்குள் ஒரு செல் கெட்டிருக்கலாம். இரண்டிலும் முதலில் சார்ஜரின் சுவிட்சை அணைக்க வேண்டும். கிளிப்பை எடுப்பது அதன் பிறகுதான். சுவிட்ச் போட்டபடி கிளிப்பை உருவினால் எழும் பொறி பேட்டரியின் வாய்க்கு மிக அருகில் விழுகிறது.

லித்தியம் பேட்டரி உப்பினாலோ, சீறல் ஒலி கேட்டாலோ, சும்மா இருக்கும்போதே சுட்டாலோ அதை மறுபடி அடுக்கில் வைக்கக் கூடாது. புகை வரத் தொடங்கிவிட்டால் தொடவே கூடாது. மின்சாரத்தைத் துண்டித்து, ஆட்களை விலக்கி, தீயணைப்பு நிலையத்தை அழைக்க வேண்டும். அந்த வெண்புகையை நீராவி என்று எண்ணி நெருங்குவது தவறு. அது நச்சு, எரியவும் கூடியது. தீயணைப்பான் சுவாலையை அணைத்தாலும் உள்ளே சூடு தங்கி, பேட்டரி மணிக்கணக்கு கழித்தும் மறுபடி பற்றலாம். அதைக் குளிர்விக்க ஏராளமான தண்ணீர் தேவைப்படும்.

டைமர் சுவிட்ச் பயனுள்ளதுதான், ஆனால் அது நாற்றத்தையோ சூட்டையோ அறியாது. ஒரே ஒரு காவலாளிதான் கிடைப்பார் என்றால், சார்ஜ் முடியும் கடைசி மூன்று மணி நேரத்துக்கு அவரை விழித்திருக்கச் செய்ய வேண்டும்.